ஆடிக் காத்துல வீடியோவா? மைக்கைக் கவனிங்க!

ஆடி மாசம் நாமக்கல் மலைக்கோட்டை உச்சியில ரீல்ஸ் எடுத்தா, உங்க பேச்சைவிட காத்துச் சத்தம்தான் 'டப டப'ன்னு கேட்கும். மைக் துளையில் காற்று நேரடியாக மோதிச் சுழல்வதுதான் காரணம்.

அப்போது காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். அதனால் மேற்கு மதிலை ஒட்டி, உட்புறமாக, மதிலுக்கு முதுகு காட்டி நில்லுங்க. மதிலும் உடம்பும் சேர்ந்து சட்டையில் மாட்டிய காலர் மைக்கை மறைக்கும். ஸ்பான்ஞ் உறை இந்தக் காத்துக்குப் போதாது. பூனைக்குட்டி மாதிரி இருக்குமே, அந்த ரோம உறையைப் போடுங்க. மைக்கைத் தொடும் முன்பே காற்றின் வேகத்தை முடிகள் குறைச்சிடும்.

பத்து விநாடி பேசிப் பதிவு செஞ்சு, இயர்போனில் கேளுங்க. கரகரன்னு உடைஞ்சு கேட்டா எந்த ஃபில்டரும் காப்பாத்தாது. இடம் மாறி மறுபடி எடுங்க. லேசான உறுமல் மட்டும்னா, எடிட்டிங்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ கட் ஃபில்டர் போதும். அதையே 200-க்கு மேல ஏத்தினா, கம்பீரமான குரலும் தகர டப்பாவில் பேசுற மாதிரி ஆகிடும்.