ஊர்ப் பள்ளி நூலகத்துக்கான நிதி வேண்டுகோள்: அண்ணாகிராமம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரைவாய்வு

1. ஆய்வுப் பொருள்

அண்ணாகிராமம் ஒன்றியம் பண்ருட்டியை ஒட்டிய முந்திரி, பலா மண். ஊரைவிட்டு வெளியே போய்ச் சம்பாதிக்கும் பழைய மாணவர்களை நம்பித்தான் இங்குள்ள பள்ளிகளின் வேண்டுகோள்கள் எழுதப்படுகின்றன. அவை பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும்: 'அறிவே ஆற்றல். நம் ஊர்ப் பிள்ளைகளின் எதிர்காலம் சிறக்க நவீன நூலகம் அமைக்க உள்ளோம். பெரியோர்களும் முன்னாள் மாணவர்களும் தங்களால் இயன்ற நிதியைத் தாராளமாக வழங்கி ஆதரிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.' கீழே ஒரு கைபேசி எண்.

இந்த வரைவைத் திருத்தி எழுதுவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். மேலே உள்ள வாசகமும், இனி வரும் புதிய வாசகமும், தொகைகளும் மாதிரிக்காக நான் அமைத்தவை.

2. முன்னோடி: 1958

பொதுமக்களிடம் பள்ளிக்காகக் கேட்பது தமிழகத்துக்குப் புதிதில்லை. காமராசர் முதல்வராக இருந்தபோது, பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் முயற்சியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுதும் நடந்தன. அவற்றின் வெற்றிக்கு மேடைப் பேச்சைவிட அதற்கு முன் நடந்த வேலையே காரணம் என்று கருதுகிறேன். ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று முதலில் பட்டியல் போட்டார்கள். ஊர்க்காரர் அந்தப் பட்டியலில் ஒன்றைச் சுட்டி 'இதை நான் செய்கிறேன்' என்று ஏற்க முடிந்தது. 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமும் பள்ளியின் தேவையைக் கொடுப்பவர் கண்முன் வைக்கும் இதே வழியில் வருவதுதான்.

நாம் எடுத்துக்கொண்ட பழைய வரைவில் அந்தப் பட்டியல் இல்லை. 'இயன்ற நிதி' என்று படிப்பவர், நூறு ரூபாய் அனுப்பினால் கேவலமாக இருக்குமோ, ஐயாயிரம் அனுப்பினால் அதிகமோ என்று தயங்குகிறார். பிறகு பார்க்கலாம் என்று அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். கேட்பவர் கூச்சத்தால் தொகையைச் சொல்லாமல் விடும்போது, அந்தக் கூச்சம் கொடுப்பவரின் தலையில் ஏறுகிறது.

3. தொகையைப் பிரித்தல்

மொத்தம் ரூ.50,000 தேவை என்று வைத்துக்கொள்வோம். 400 புத்தகம், சராசரி ரூ.60 வீதம், ரூ.24,000. இரண்டு இரும்பு அலமாரி ரூ.20,000. பாய், இரவல் பதிவேடு, அட்டை போடுதல், கிழிந்தவற்றுக்கு மாற்று ஆகியவற்றுக்கு ரூ.6,000.

இதை 50 பேருக்கு ஆயிரம் என்று வகுத்தால் கணக்கு சரியாக வரும். ஆனால் வேண்டுகோள் உயிரில்லாமல் போகும். நம் ஊர் வழக்கம் வேறு. கோயில் குழல்விளக்கிலும் பள்ளி மின்விசிறியிலும் 'உபயம்' என்று பெயர் எழுதுகிறோம். அலமாரிக்குப் பெயர் தாங்கும் உடம்பு உண்டு. ஆகவே இரண்டு அலமாரிகளையும் இரண்டு வகுப்புத் தோழர் குழுக்களிடம், குழுவுக்கு ரூ.10,000 என்று தனித்தனியே கேட்க வேண்டும். பதிவேட்டுக்கும் அட்டைக்கும் உபயம் எழுத யாரும் முன்வர மாட்டார்கள். அவை இல்லாவிட்டால் புத்தகங்கள் ஓராண்டில் தொலையும். அதனால் அந்த ரூ.6,000-ஐப் புத்தகப் பங்கோடு சேர்த்துவிடலாம். ரூ.30,000-ஐ 40 பங்காக்கினால் ஒரு பங்கு ரூ.750: பத்துப் புத்தகமும் அவற்றைப் பேணும் செலவும். இதை மறைக்காமல், ரூ.600 புத்தகத்துக்கு, ரூ.150 பராமரிப்புக்கு என்று ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

பட்டியல் போடும்போதே அறையையும் பார்க்க வேண்டும். கெடிலமும் தென்பெண்ணையும் பெருகும் பகுதி இது. மழைநீர் ஏறும் அறையென்றால் அலமாரியின் அடித்தட்டு தரையிலிருந்து உயர்ந்து நிற்க வேண்டும். சுவரை ஒட்டி வைத்தால் கரையான் வரும். இதற்கான நான்கு கால் பீடத்தைப் பட்டியலில் மறந்துவிட்டுப் பிறகு இரண்டாம் முறை கேட்டால் முதல் முறை கொடுத்தவரும் சலித்துக்கொள்வார்.

4. நெஞ்சைத் தொடுவது

2007-இல் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இங்கே பயன்படும். பங்கேற்றவர்களின் கையில் ஐந்து டாலர் கொடுத்து, ஆப்பிரிக்கப் பஞ்சத்துக்கு உதவுமாறு கேட்டார்கள். மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். இலட்சக்கணக்கானோர் பற்றிய புள்ளிவிவரம் மட்டும் படித்தவர்கள் 1.14 டாலர். இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் 1.43 டாலர். எண்ணிக்கையைச் சேர்த்ததும் சிறுமியின் மேல் பிறந்த இரக்கமும் தணிந்துவிட்டது. ஆகவே புதிய வாசகத்தின் முதல் பத்தியில் ஒரு பிள்ளை மட்டும். எண்கள் எல்லாம் அடுத்த பத்தியில், கேட்கும் தொகையோடு.

> எங்கள் பள்ளி ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அக்காவின் ஏழாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள கதைகளை மட்டும் மறுபடி மறுபடி படிக்கிறாள். பள்ளியில் புத்தகங்கள் இருக்கின்றன. ஆனால் தலைமையாசிரியர் அறை பீரோவில், அவள் கைக்கு எட்டாமல்.
>
> அவள் வகுப்பறைக்குப் பக்கத்து அறையில் திறந்த அலமாரி வைத்து 400 கதைப் புத்தகங்கள் அடுக்கப் போகிறோம். ரூ.750 அனுப்பினால் பத்துப் புத்தகம் உங்கள் பங்கு (ரூ.600 புத்தகம், ரூ.150 பராமரிப்பு). இதுபோல் 40 பங்கு வேண்டும்.

பீரோவைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அரசுப் பள்ளிக்குப் புத்தகம் வருவது ஊருக்குத் தெரியும். அதை மறைத்து 'ஒரு புத்தகம்கூட இல்லை' என்று எழுதினால் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்கும் ஒரே கேள்வியில் வேண்டுகோள் படுத்துவிடும். உண்மையைச் சொன்னால், எதற்குப் பணம் என்பதும் கூர்மையாகிறது: திறந்த அலமாரிக்கும் பிள்ளைகள் தாமே எடுத்துப் படிக்கக்கூடிய புத்தகத்துக்கும். அரசின் வாசிப்பு இயக்கம் நூல்களை 'நுழை, நட, ஓடு, பற' என்று படிநிலை பிரித்திருக்கிறது. வாங்கும் பட்டியலையும் அப்படியே பிரித்து, 'நுழை' நிலைக்குக் கூடுதல் பங்கு ஒதுக்கலாம்.

அந்த மாணவி உண்மையாக இருக்க வேண்டும். ஆசிரியர் கண்ணால் கண்ட செயலாக இருக்க வேண்டும். பெயரும் முகமும் வேண்டாம். பெற்றோரிடம் சொல்லிவிட்டு, புத்தகம் பிடித்த கையின் படம் போட்டால் போதும். ஏழைமையை விரித்து எழுதத் தேவையே இல்லை. ஊர்ப் பிள்ளையைப் பரிதாபமாகக் காட்டிய செய்தி அவள் வீட்டுக் கைபேசிக்கும் வந்து சேரும்.

5. பணம் போகும் வழி

பழைய வரைவின் பெரிய ஓட்டை கீழே இருந்த கைபேசி எண். தனியார் கணக்குக்குப் பணம் கேட்டால் நேர்மையான ஆசிரியர்மீதும் சந்தேகம் விழும். பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கோ அரசின் நன்கொடைத் தளமோ கொடுக்கப்பட வேண்டும். கூடவே பள்ளியின் பதினோரு இலக்க யூடைஸ் எண். ஒரே பெயரில் பக்கத்து ஊர்களிலும் பள்ளிகள் உண்டு.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வரி தனியே வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் வருமானத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். அதற்குரிய பதிவோ அனுமதியோ இல்லாத கணக்கு அதை வாங்கக் கூடாது. துபாய்க்கு வேலைக்குப் போனவரும் கனடாக் குடிமகனும் வாட்ஸ்அப் குழுவில் ஒன்றாகவே இருப்பார்கள்.

6. காலமும் எச்சமும்

வாட்ஸ்அப்பில் போன வேண்டுகோள் ஆண்டுக்கணக்கில் சுற்றும். கடைசி நாளை ஆண்டோடு எழுதாவிட்டால், அலமாரி வந்து துருப்பிடித்த பிறகும் பணம் வரும். உள்ளூர் விவசாயிகளிடம் முந்திரி அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் நேரத்தில் கேட்பது நல்லது. வெளியூரில் இருப்பவர்களிடம் அவர்கள் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது.

வாசகத்தின் கடைசிப் பத்தி பெரும்பாலும் எழுதப்படாமல் போவது. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது:

> 40 பங்கு சேராவிட்டால், சேர்ந்த தொகைக்கு 'நுழை', 'நட' நிலைப் புத்தகங்களை முதலில் வாங்குவோம். கூடுதலாக வந்தால் அடுத்த கல்வியாண்டுப் புத்தகங்களுக்கு வைப்போம். வாங்கிய நூல்களின் பட்டியலும் ரசீதும் பள்ளித் தகவல் பலகையில் ஒட்டப்படும். அதன் படம் இதே குழுவில் வரும்.