நாள் எண்ணிக்கையும் கிழமைக் கலவையும்: மாத விற்பனை ஒப்பீட்டில் நேரும் பிழை

ஒரு மாத விற்பனையை முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டால் பருவகால வேறுபாடு பெருமளவு நீங்கிவிடும். நாட்காட்டியின் வேறுபாடு நீங்காது. 2023 பிப்ரவரியில் 28 நாட்கள். ஒவ்வொரு கிழமையும் நான்கு முறை. 2024 பிப்ரவரியில் 29 நாட்கள். கூடுதலாக வந்தது ஒரு வியாழன்.

வார நாட்களில் தினம் ஒரு லட்சமும் சனி, ஞாயிறுகளில் தலா இரண்டு லட்சமும் விற்கும் ஜவுளிக்கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வியாபாரம் இரண்டு ஆண்டுகளிலும் சிறிதும் மாறவில்லை என்றே கொள்வோம். 2023 பிப்ரவரியில் விற்பனை 36 லட்சம், 2024 பிப்ரவரியில் 37 லட்சம். கணக்குப் புத்தகம் 2.8 விழுக்காடு வளர்ச்சி காட்டுகிறது. நாள் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி எடுப்பதே இதற்கு வழக்கமான பரிகாரம். அப்படி வகுத்தால் தினசரி விற்பனை ஏறக்குறைய 0.8 விழுக்காடு சரிந்ததாகத் தெரியும். கூடுதலாக வந்த நாள் மந்தமான வியாழன். அது மொத்தத்தைக் கூட்டிச் சராசரியைக் குறைத்தது. வளர்ச்சி, சரிவு இரண்டுமே பொய்.

மார்ச் மாதத்தில் சராசரியால் பயனே இல்லை. இரு ஆண்டுகளிலும் 31 நாட்கள். ஆனால் 2023 மார்ச்சில் வார இறுதி நாட்கள் 8, 2024 மார்ச்சில் 10. அதே கடையின் விற்பனை 39 லட்சத்திலிருந்து 41 லட்சமாகிறது.

ஆகவே திருத்தம் கிழமைவாரியாக அமைய வேண்டும். அடிப்படை ஆண்டின் ஒவ்வொரு கிழமைக்கும் சராசரி கண்டு, அதை ஒப்பிடும் மாதத்தில் அக்கிழமை வரும் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால், எதுவும் மாறாதிருந்தால் வந்திருக்கும் தொகை கிடைக்கும். 2024 மார்ச்சில் கடை உண்மையில் 43 லட்சம் விற்றிருந்தால், அதை 41 லட்சத்தோடுதான் ஒப்பிட வேண்டும். வளர்ச்சி 4.9 விழுக்காடு, கணக்குப் புத்தகம் சொல்லும் 10.3 அல்ல. சராசரிகளைச் சில மாதத் தரவிலிருந்து, பண்டிகை வாரங்களை நீக்கி எடுப்பது நல்லது. ஒரே மாதத்தில் ஒரு கிழமை நான்கைந்து முறையே வருவதால் ஒரு மழைநாள்கூட அதைக் கோணலாக்கிவிடும். வளர்ச்சி மெய்யா என்பதைச் சோதிக்க எளிய வழியும் உண்டு: செவ்வாய்களைச் செவ்வாய்களோடும் சனிகளைச் சனிகளோடும் ஒப்பிட்டால் பெரும்பாலான கிழமைகளில் உயர்வு தெரிய வேண்டும்.

இம்முறை பண்டிகையைக் கையாளாது. தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. இதனால் அக்டோபர் விற்பனை துள்ளி எழும், நவம்பர் விற்பனை விழும். தனித்தனியே இரண்டுக்கும் பொருளில்லை. இரு மாதங்களையும் சேர்த்தால் இரண்டு ஆண்டுகளிலும் 61 நாட்கள், 17 வார இறுதி நாட்கள் என நாட்காட்டி தற்செயலாகவே சமன்படுகிறது. ஆயினும் 2023இல் தீபாவளிக்கு முந்தைய நாள் சனி, 2024இல் புதன். கடைசி நேரக் கூட்டத்தின் மீது இந்த மாற்றம் எவ்வளவு விளைவை உண்டாக்கியது என்பதை இரண்டே ஆண்டுகளின் தரவிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.