முட்டையில் இருக்கு, தேங்காய் எண்ணெயில் இல்லை... அப்போ கொலஸ்ட்ராலை ஏற்றுவது எது?

தெருவில் பந்தல் போட்டு நடக்கும் மருத்துவ முகாமில் கொலஸ்ட்ரால் பற்றிப் பேச்சு எடுத்தாலே வரும் கேள்வி, "முட்டை சாப்பிடலாமா, கூடாதா?" என்பதுதான். சமையல் எண்ணெயைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. பாக்கெட்டிலேயே 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருக்கிறதே, அப்புறம் என்ன பயம்?

அந்த வாசகம் பொய் இல்லை. ஆனால் அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. செடி, மரத்திலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கணக்கில் எடுக்கும் அளவுக்கு கொலஸ்ட்ரால் கிடையாது. பாமாயிலிலும் கிடையாது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது, அதில் கல்லீரலுக்கு முக்கியப் பங்கு. சாப்பாட்டிலிருந்து நேரடியாக வருவது குறைவுதான்.

ரசமும் நெய்யும்

ரசத்தில் நெய் விட்டால் கரையாமல் மேலே மிதக்கும். கொலஸ்ட்ராலும் ரத்தத்தில் அப்படித்தான், தானாகக் கரையாது. அதனால் உடம்பு அதைக் கொழுக்கட்டை மாதிரி செய்து அனுப்புகிறது. உள்ளே பூரணமாக கொலஸ்ட்ராலும் கொழுப்பும், வெளியே புரதம் சேர்ந்த மெல்லிய மேல்மாவு. இப்படிச் சுற்றி வரும் கொழுக்கட்டைகளில் ஒரு வகைதான் எல்டிஎல், அதாவது 'கெட்ட கொலஸ்ட்ரால்'.

வேலை முடிந்த எல்டிஎல்-ஐத் திரும்பப் பிடித்து உள்ளே இழுக்க கல்லீரலின் மேல் 'கைகள்' மாதிரி சில அமைப்புகள் உண்டு. நிறைவுற்ற கொழுப்பு (சேச்சுரேட்டட் ஃபேட்) அதிகமாகச் சாப்பிட்டால் இந்தக் கைகள் குறைகின்றன. பிடிக்க ஆள் இல்லாததால் எல்டிஎல் ரத்தத்திலேயே சுற்றுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக ரத்தக்குழாயின் சுவருக்குள் நுழைந்து தங்குகிறது. பலர் நினைப்பது போல இது சிங்க் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும் கதை இல்லை. தோலுக்கு அடியில் கட்டி வருவது போல, சுவருக்கு உள்ளே வளர்வது. அது உடைந்து, அந்த இடத்தில் ரத்தம் உறைந்தால்தான் பெரும்பாலான மாரடைப்புகள் வருகின்றன. அதுவரை வலி, மூச்சு வாங்குவது என எதுவும் இல்லாமலே இருக்கலாம்.

ஒரு முட்டை, ஒரு மேசைக்கரண்டி

இப்போது முட்டைக்கு வருவோம். ஒரு முட்டையில் சுமார் 185 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது, ஆனால் நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராம்தான். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் கொலஸ்ட்ரால் பூஜ்யம், நிறைவுற்ற கொழுப்போ ஏறக்குறைய 12 கிராம். எல்டிஎல்-ஐ அதிகம் ஏற்றுவது இந்த இரண்டாவதுதான்.

எல்டிஎல் 154 என்று ரிப்போர்ட் வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். எல்டிஎல் கூடியவர்களுக்கு நிறைவுற்ற கொழுப்பு ஒரு நாளைக்குச் சுமார் 13 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது இதயநல வழிகாட்டுதல்களில் சொல்லப்படும் அளவு. இவர் வீட்டில் தோசைக்கும் தாளிப்புக்கும் தேங்காய் எண்ணெய், அவர் பங்குக்கு நாளைக்கு மூன்று டீஸ்பூன். அது 12 கிராம். மதியம் பருப்புக்கு ஒரு டீஸ்பூன் நெய், 3 கிராம். இரண்டு வேளை காபிக்கு ஃபுல் க்ரீம் பால் 200 மில்லி, அதில் 7 கிராம். மொத்தம் 22. இத்தனைக்கும் அவர் பயந்துபோய் முட்டையை நிறுத்தி ஆறு மாதமாகிறது!

இதே மனிதர் எண்ணெயை நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய்க்கு மாற்றினால் அந்த 12 கிராம், இரண்டு இரண்டரைக்கு வந்துவிடும். பாலை டோன்டு பாலாக்கினால் 7 பாதியாகும். நெய் அப்படியே இருக்கட்டும். மொத்தம் 9 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கும். அதன்மேல் ஒரு அவித்த முட்டை சேர்த்தாலும் 13-ஐத் தாண்டாது. ஆனால் சர்க்கரை நோயோ இதய நோயோ இருப்பவர்கள், மஞ்சள் கரு எத்தனை என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கவனிக்க வேண்டிய இன்னொரு இடம் பிஸ்கட், பஃப்ஸ், மிக்சர். பாக்கெட்டின் பின்பக்கம் 'பாமாயில்' என்று இருந்தால், அந்த எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி நிறைவுற்ற கொழுப்பு.

வெந்தயத்தின் வழவழப்பு

குறைப்பது மட்டுமல்ல, சேர்க்க வேண்டியதும் உண்டு. வெந்தயத்தை ஊறவைத்தால் வழவழப்பாகுமே, அதுதான் கரையும் நார்ச்சத்து. ஓட்ஸ், பயறு, சுண்டல், கொய்யா எல்லாவற்றிலும் இது இருக்கிறது. கல்லீரல் கொலஸ்ட்ராலை வைத்துத்தான் பித்த அமிலத்தைச் செய்கிறது. குடலில் இந்த வழவழப்பு பித்த அமிலத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். புதிதாகப் பித்த அமிலம் செய்ய, கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்-ஐ இழுத்தாக வேண்டும்.

சாப்பாட்டை மாற்றினால் ஒரு சில வாரங்களிலேயே எண்ணில் வித்தியாசம் தெரியும், அதனால் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் எல்டிஎல் 190-ஐத் தாண்டியிருந்தால், அதுவும் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளம் வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால், எண்ணெய் மாற்றுவது மட்டும் போதாது. அது பரம்பரையாக அந்தக் 'கைகள்' சரியாக இல்லாமல் பிறந்த குறையாக இருக்கலாம். அவர்களுக்கு மாத்திரை தேவைப்படும், வீட்டில் பிள்ளைகளுக்கும் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும்.