கமிட் செய்தி

கமிட் செய்தி என்பது, நிரல் கோப்புகளில் செய்த ஒரு மாற்றத்தைப் பதிவுசெய்யும்போது நிரலாளர் அதோடு சேர்த்து எழுதும் குறிப்பு. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் எந்த வரி போயிற்று, எந்த வரி வந்தது, யார் எப்போது மாற்றினார்கள் என்பதெல்லாம் தானாகவே பதிவாகிவிடும். ஏன் மாற்றினார்கள் என்பது மட்டும் பதிவாகாது. அதை மனிதர்தான் எழுத வேண்டும்.

செங்கல்பட்டு மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து 29-11-2019 அன்று அது செயல்படத் தொடங்கியது. மாமல்லபுரம் அடங்கிய திருக்கழுக்குன்றம் உட்பட 8 வட்டங்கள் புதிய மாவட்டத்துக்கு வந்தன. சான்றிதழ் நகல் அச்சிடும் ஒரு மென்பொருள் இருப்பதாகக் கற்பனை செய்வோம். அதில் இந்த வரிகள் சேர்கின்றன:

```
if taluk in CGL_TALUKS and issued >= date(2019, 11, 29):
    district = "Chengalpattu"
```

இதற்கு வழக்கமாக எழுதப்படும் செய்திகள் இப்படி இருக்கும்:

```
fix
district changes
added if condition for taluk and date
changes as per client mail
```

முதல் இரண்டும் எதையும் சொல்லவில்லை. மூன்றாவது விவரமாகத் தோன்றினாலும், நிரலில் கண்ணெதிரே இருப்பதைத்தான் திரும்பச் சொல்கிறது. நான்காவது நம் அலுவலகங்களில் மிகவும் புழங்குவது, நான்கில் மோசமானதும் அதுதான். காரணம் ஒன்று உண்டு என்று சொல்லிவிட்டு, அதை யாருடைய அஞ்சல் பெட்டியிலோ பூட்டி வைக்கிறது. அவர் வேலை மாறிப் போனால் காரணமும் போய்விடும்.

சில ஆண்டுகள் கழித்துப் புதிதாக வந்தவர் இந்தத் தேதியைப் பார்க்கிறார். "மாவட்டம் பிரிந்து இவ்வளவு நாளாயிற்றே, இந்தச் சோதனை இன்னும் எதற்கு?" என்று நீக்கிவிடுகிறார். எந்தப் பிழைச்செய்தியும் வராது. ஆனால் மாமல்லபுரத்தில் 2018இல் வழங்கிய சான்றிதழின் நகலை எடுத்தால், மூலத்தில் காஞ்சிபுரம் என்றும் நகலில் செங்கல்பட்டு என்றும் இருக்கும். அதை அவர் நீக்காமலிருக்க, முதலில் எழுதியவர் இப்படிக் குறித்திருக்க வேண்டும்:

```
செங்கல்பட்டு மாவட்டத்தை 29-11-2019 முதல் காட்டு

அந்த நாளுக்கு முன் வழங்கிய சான்றிதழ்களின் மூலத்தில்
காஞ்சிபுரம் என்றே உள்ளது. நகல் மூலத்தோடு பொருந்த
வேண்டும்; அதற்காகவே தேதிச் சோதனை.

603 என்று தொடங்கும் அஞ்சல் குறியீட்டை வைத்து
மாவட்டத்தை முடிவுசெய்யவில்லை. உத்திரமேரூர் 603406;
அது காஞ்சிபுரத்திலேயே இருக்கிறது. எனவே வட்டத்தின்
பெயரைப் பார்க்கிறோம்.
```

இதில் கவனிக்க வேண்டியது கடைசிப் பத்தி. மாமல்லபுரத்தின் குறியீடு 603104, உத்திரமேரூரின் குறியீடு 603406. முதல் மூன்று இலக்கங்களை வைத்துச் சுருக்கமாக முடித்துவிடலாமே என்று அடுத்து வருபவருக்கும் தோன்றும். தேர்ந்தெடுத்த வழி நிரலில் இருக்கிறது. கைவிட்ட வழி எங்கும் இருக்காது. அதை ஏன் கைவிட்டோம் என்பதற்கு இடம் இந்தச் செய்திதான்.

வடிவத்தில் பெரிய கட்டுப்பாடு இல்லை. தலைப்பு வரி ஏறக்குறைய 50 எழுத்துகளுக்குள், பிறகு ஒரு வெற்று வரி, அதன்பின் 72க்குள் மடித்த விளக்கம் என்பது வழக்கம். வெற்று வரியை விட்டுவிட்டால் கிட் அடுத்த வரிகளையும் தலைப்போடு சேர்த்துவிடும். தலைப்பில் "காட்டு", "நீக்கு" என்று ஏவல் வினை வைப்பது லினக்ஸ் கெர்னல் திட்டம் கேட்கும் நடை. பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும், கிட் தமிழையும் ஏற்கும். `git commit -m` என்று அடித்தால் கை ஒரே வரியில் நின்றுவிடுகிறது; `git commit` என்று மட்டும் அடித்தால் எழுதுவதற்குத் திருத்தி திறக்கும்.

எழுதியதைத் தேடி எடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. `git blame` ஒரு வரியைக் கடைசியாகத் தொட்ட கமிட்டைத்தான் காட்டும். நடுவில் யாராவது கோப்பு முழுவதையும் ஒழுங்குபடுத்தி அடுக்கியிருந்தால், காரணம் எழுதிய கமிட் அதன் பின்னால் மறைந்துவிடும். அப்போது கைகொடுப்பது இது:

```
git log -S"2019, 11, 29"
```

அந்தச் சரம் எந்தக் கமிட்டில் நுழைந்தது, எதில் வெளியேறியது என்று இது காட்டும். நிரலுக்குள்ளேயே குறிப்புரை எழுதினால் போதாதா என்று கேட்கலாம். இந்தத் தேதிக்கு அதுவும் ஒரு வரி தேவைதான். ஆனால் நிரல் நீக்கப்படும்போது குறிப்புரையும் சேர்ந்து போகும். கமிட் செய்தி வரலாற்றில் தங்கும்.

கடைசிக் கமிட்டின் மோசமான செய்தியை `git commit --amend` கொண்டு திருத்தலாம், மற்றவர்களோடு பகிராதவரை. பகிர்ந்தபின் திருத்தினால் கமிட்டின் அடையாள எண்ணே மாறி, சக நிரலாளர்களின் பிரதிகளோடு ஒத்துப்போகாது. `git notes` மூலம் பின்குறிப்பு ஒட்டலாம். ஆனால் அதைத் தனியாக அனுப்பினால்தான் வழங்கிக்குப் போகும், சாதாரண `git push` அதை எடுத்துச் செல்லாது.