சுட்சுகாமுஷி முதல் உண்ணிக் காய்ச்சல் வரை

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் தமிழக நாளிதழ்களில் 'உண்ணிக் காய்ச்சல்' என்ற செய்தி தலைகாட்டும். மருத்துவர்கள் இதை ஸ்க்ரப் டைபஸ் என்கிறார்கள். கிருமிக்குப் பெயர் ஓரியன்சியா சுட்சுகாமுஷி. ஒரே நோய்க்கு மூன்று பெயர்கள், அவை வந்ததோ வெவ்வேறு நிலங்களிலிருந்து. இவற்றில் எந்தப் பெயர் நோயாளியைக் காப்பாற்றுகிறது, எது திசைதிருப்புகிறது என்பதைப் பார்ப்பதே என் நோக்கம்.

மூத்த பெயர் ஜப்பானுடையது. அந்நாட்டின் நீகாத்தா, யமகாத்தா, அகித்தா பகுதிகளில் ஆறுகள் வெள்ளம் வடிந்து வண்டல் விட்டுச்செல்லும். கோடையில் அந்தப் படுகைகளில் பயிர் வேலைக்கும் புல்லறுப்புக்கும் போனவர்கள் சில நாட்களில் கடுங்காய்ச்சலில் விழுந்தார்கள், பலர் மாண்டார்கள். உடம்பில் எங்கோ ஒரு சிறு கறுத்த புண் இருந்தது. கண்ணுக்கே தெரியாத ஏதோ ஒரு பூச்சிதான் காரணம் என்று அந்த உழவர்கள் நம்பினார்கள். 'சுட்சுகா' என்றால் நோய், கேடு. 'முஷி' என்றால் பூச்சி. கேடு தரும் பூச்சி, அவ்வளவுதான் பெயரின் பொருள். நுண்ணோக்கியைக் கண்டிராத மக்கள் வைத்த பெயரில் காரணம் சரியாகவே அமைந்துவிட்டது.

இதைப் பற்றி ஜப்பானில் ஒரு கதை உலவுகிறது. 'சுட்சுகா இல்லையே?' என்று நலம் விசாரிப்பது அங்கே பழைய வழக்கம். 607-ஆம் ஆண்டு ஜப்பானிய அரசவை சீனப் பேரரசருக்கு அனுப்பிய மடலிலும் அந்தச் சொல் வருகிறது. பூச்சி கடிக்காமல் நலமாக இருக்கிறீர்களா என்பதே அதன் மூலப்பொருள் என்று சிலர் சொல்வார்கள். உண்மை நேர்மாறானது. கேடு என்ற பொதுச்சொல்தான் முந்தியது, பூச்சி பின்னால் அதனிடமிருந்து பெயர் பெற்றது.

அடுத்த பெயர் மலாயாவில் பிறந்தது. 1920-களில் கோலாலம்பூரின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வில்லியம் ஃபிளெச்சரும் அவருடைய தோழர்களும் ஒரு புதிரைச் சந்தித்தார்கள். டைபஸ் போன்ற காய்ச்சல் நகரத்துக் கடைக்காரர்களுக்கும் வந்தது, நாட்டுப்புறத்தில் புதர்மண்டிய நிலங்களில் வேலை செய்தவர்களுக்கும் வந்தது. நோயாளியின் இரத்தத்தைப் புரோட்டியஸ் என்ற வேறொரு கிருமியோடு கலந்து, திரிகிறதா என்று பார்ப்பது அக்காலச் சோதனை. கிங்ஸ்பரி என்பவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த ஒரு புரோட்டியஸ் வகை, நாட்டுப்புற நோயாளிகளின் இரத்தத்தோடு மட்டும் திரிந்தது. ஆக நோய் இரண்டு: ஒன்று கடை டைபஸ், மற்றது ஸ்க்ரப் டைபஸ், அதாவது புதர் டைபஸ். வீல்-ஃபெலிக்ஸ் எனப்படும் அந்தச் சோதனையின் முடிவில் இன்றும் 'ஓஎக்ஸ்கே' என்று ஒரு வரி வரும். அதிலுள்ள 'கே' கிங்ஸ்பரியின் முதலெழுத்து.

'டைபஸ்' கிரேக்கச் சொல். புகை, மூட்டம் என்பது அதன் பொருள். காய்ச்சல் முற்றி அறிவு மங்கிப் பிதற்றும் நிலையைக் குறிக்க அது வந்தது. 'டைபாய்டு' என்றால் டைபஸ் போன்றது. இரண்டும் வேறு கிருமிகளால் வருகிற வேறு நோய்கள். ஆனால் ஒலி ஒத்திருப்பதால் 'டைபஸ்' என்று மருத்துவர் சொன்னதை வீட்டார் 'டைபாய்டு' என்று கேட்டுக்கொள்கிறார்கள். இந்த மயக்கம் ஆபத்தானது. டைபாய்டுக்கு நன்றாக வேலை செய்கிற செஃப்ட்ரையாக்சோன் ஊசி ஸ்க்ரப் டைபஸை அசைப்பதில்லை, ஏனென்றால் அந்தக் கிருமி நம் செல்களுக்குள்ளே ஒளிந்து வாழ்கிறது.

தமிழ்ப் பெயருக்கு வருவோம். உண்பது எதுவோ அது உண்ணி. நம் ஊரில் அந்தச் சொல் கேட்டதும் மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் தொங்கும் பருத்த உண்ணிதான் கண்முன் நிற்கும். இந்த நோயைத் தருவது அது அல்ல. மண்ணில் வாழும் மிகச் சிறு மைட் பூச்சியின் இளம்புழுதான் கடிக்கிறது. மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். எலிகளே அதன் வழக்கமான உணவு, மனிதர் தற்செயலாக அகப்படுகிறவர். அது இரத்தம் குடிப்பதில்லை; தோலின் திசுவைக் கரைத்து அந்த நீரை உறிஞ்சுகிறது. அதன் வாழ்நாளில் உயிருள்ள உடலைக் கடிப்பது இந்தப் பருவத்தில் ஒரே முறை. அப்படியானால் கிருமி அதற்கு எங்கிருந்து வந்தது? தாயின் முட்டை வழியாகவே வருகிறது. அதனால்தான் ஒரு புல்மேடு முழுக்க நோய் இருக்கும், பக்கத்து மேட்டில் இருக்காது. கடி வலிப்பதும் இல்லை. 'உண்ணி எதுவும் கடிக்கலையே டாக்டர், எங்க வீட்டில் மாடே கிடையாது' என்று நோயாளி சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, பெயர்தான் அவரை அப்படிச் சொல்ல வைக்கிறது.

நான்காவது சொல் ஒன்று உண்டு. எனக்கு இதுதான் முக்கியம். கடித்த இடத்துப் பொருக்கை மருத்துவர்கள் 'எஸ்கார்' என்பார்கள். கிரேக்கத்தில் அதன் வேர் அடுப்பைக் குறிக்கும்; பிறகு சுட்ட புண்ணின் பொருக்கைக் குறித்தது. பார்த்தவர்களுக்குப் பெயரின் பொருத்தம் விளங்கும்: சிகரெட்டால் சுட்டதுபோல் நடுவில் கருகிய பொருக்கு, சுற்றிலும் சிவந்த விளிம்பு. வலிக்காது, அரிக்காது. அது இருக்கும் இடங்களும் மறைவானவை: அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடி, புடவையோ பாவாடையோ இறுகும் இடுப்பு, பிறப்புறுப்பு.

வேலூர்ப் பக்கத்து நாற்பது வயதுப் பெண் ஒருவரை மனத்தில் கொள்ளுங்கள். டிசம்பரில் வரப்போரம் மாட்டுக்குப் புல் அறுத்திருக்கிறார். பத்து நாள் கழித்துக் குளிர்காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடம்பு வலி. ஐந்து நாள் மாத்திரைக்குப் பின்னும் காய்ச்சல் இறங்கவில்லை. டெங்கு இல்லை, மலேரியா இல்லை. தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன, கல்லீரல் நொதிகள் கூடியிருக்கின்றன. ஏழாம் நாள் மூச்சு வாங்குகிறது. அப்போது ஒரு செவிலியர் இடுப்புக் கயிறு படும் இடத்தில் கறுத்த பொருக்கைப் பார்க்கிறார். அன்றே டாக்சிசைக்ளின் தொடங்கினால், இரண்டு நாளுக்குள் காய்ச்சல் இறங்குவதே வழக்கம். இன்னும் சில நாள் தள்ளிப்போனால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும்.

பொருக்கைக் காணாததால் நோய் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. பாதிப் பேருக்கு மேல் அது தென்படாமலே போகலாம். எலைசா என்ற இரத்தப் பரிசோதனையும் முதல் வாரத்தில் இல்லை என்று காட்டக்கூடும். வீல்-ஃபெலிக்ஸ் இன்னும் நம்பத்தகாதது. எனவே சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவதே நல்ல மருத்துவர்களின் வழக்கம். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தருவார்கள். 2023-இல் வெளியான, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு, கடுமையான நோய்க்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசியாகத் தருவது தனித்தனியாகத் தருவதைவிட மேல் என்று காட்டியது.

'ஸ்க்ரப்' என்ற பெயரும் முழு உண்மை அல்ல. புதர்க்காட்டுக்கே போகாதவர்களுக்கும், வீட்டுப் பின்புறப் புல்லில் வேலை செய்தவர்களுக்கும் இது வருகிறது. கீழ்த்திசையைக் குறிக்க 1995-இல் வைத்த 'ஓரியன்சியா' என்ற பெயரும் இன்று போதாது. இந்தக் கிருமியின் உறவுகள் தென்னமெரிக்காவின் சிலேயிலும் காணப்பட்டுவிட்டன.

ஆகவே காய்ச்சலோடு மருத்துவரிடம் போகும்போது இந்தப் பெயர்களை நினைவில் வைக்கத் தேவையில்லை. கடந்த மூன்று வாரங்களில் வயலிலோ புல்லிலோ வேலை செய்ததைச் சொல்லுங்கள். குளிக்கும்போது அக்குளையும் இடுப்பையும் தொடையிடுக்கையும் நீங்களே பாருங்கள். கறுத்த பொருக்கு இருந்தால் கூச்சப்படாமல் காட்டுங்கள். பெண்கள் பெண் செவிலியரை வரச் சொல்லிக் கேளுங்கள். அது புண்தானே என்று மஞ்சள் பூசி மறைத்துவிடாதீர்கள்.