நிறுவனம் நொடித்துப்போனால்: வங்கிக்கு ஓட்டு, சப்ளையருக்கு?

தேக்காவில் இருக்கும் உங்கள் கடை, இந்திய நிறுவனம் ஒன்றுக்குக் கடனில் சரக்கு அனுப்பியதாக வைத்துக்கொள்வோம். பில் கட்டும் முன்பே அந்த நிறுவனம் நொடித்துப்போகிறது. வங்கியும் நீங்களும் ஒரே வரிசையிலா நிற்பீர்கள்? இந்தியாவில், இல்லை.

யாருக்கு ஓட்டு?

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டம் கடன் கொடுத்தோரை இரண்டாகப் பிரிக்கிறது. பணமாகக் கடன் கொடுத்த வங்கி போன்றவை நிதிக் கடன் கொடுத்தோர். சரக்கோ சேவையோ கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பவர்கள் வணிகக் கடன் கொடுத்தோர். நீங்கள் இரண்டாவது வகை.

நிறுவனத்தை யாரிடம் ஒப்படைப்பது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை முடிவு செய்யும் குழுவில் பொதுவாக முதல் வகையினருக்கு மட்டுமே இடம். கடன் தொகைக்கு ஏற்ப ஓட்டு. 66% கிடைத்தால் திட்டம் குழுவில் நிறைவேறும். சப்ளையர்களுக்கான பாக்கி மொத்தக் கடனில் 10% ஆவது இருந்தால், அவர்களின் பிரதிநிதி கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம். ஓட்டு மட்டும் கிடையாது.

ஏன் இப்படி?

இந்தப் பிரிவினை செல்லும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. வங்கி நிறுவனத்தின் கணக்கைத் தொடர்ந்து பார்க்கிறது. தேவைப்பட்டால் கடனை மாற்றி அமைத்துக் காப்பாற்றவும் முடியும். சப்ளையரின் பாக்கியோ குறிப்பிட்ட ஒரு கொடுக்கல் வாங்கலில் வருவது. சரக்கின் தரம் பற்றிய தகராறும் அதில் அதிகம். இதுதான் வாதம்.

கையில் எவ்வளவு வரும்?

ஒரு கற்பனைக் கணக்கு. கடன் 100 கோடி ரூபாய்: சொத்தை அடமானமாக வைத்திருக்கும் வங்கிகளுக்கு 90, சப்ளையர்களுக்கு 10. எல்லாவற்றையும் விற்றால் 50 கோடிதான் தேறும். செலவுகள், தொழிலாளர் பாக்கி, வங்கிகள் என்று வரிசை முன்னே இருப்பதால் உங்கள் முறை வரும்போது பணம் தீர்ந்திருக்கும். மீட்புத் திட்டம் உங்களுக்குத் தர வேண்டிய குறைந்தபட்சத் தொகையும் இதே வரிசையை வைத்துத்தான் கணக்கிடப்படும். ஆக, பூஜ்யம் கொடுத்தாலும் சட்டப்படி தப்பில்லை!

எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் இது சூடுபிடித்தது. இரு தரப்புக்கும் சமமாக, சுமார் 60.7% கொடுக்கச் சொன்னது மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். 2019 நவம்பர் 15இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பணத்தைப் பிரிப்பது குழுவின் வணிக முடிவு, ஆனால் சப்ளையர்களின் நலனையும் கருத்தில் கொண்டிருக்க வேண்டும் என்றது.

சிங்கப்பூரில்?

இங்கே அந்தப் பிரிவினை இல்லை. அடமானம் இல்லாத வங்கிக் கடனும் உங்கள் பில்லும் ஒரே தட்டில். கடன் சீரமைப்புத் திட்டத்தில் உங்களுக்கும் ஓட்டு உண்டு: பொதுவாக, ஒவ்வொரு பிரிவிலும் வாக்களிப்போரில் பெரும்பாலானோரும், கடன் மதிப்பில் 75% வைத்திருப்போரும் சம்மதிக்க வேண்டும்.

ஆனால் வங்கி சொத்தை அடமானம் பிடித்திருந்தால், அந்தச் சொத்தில் அதற்கே முதல் உரிமை. அத்தகைய அடமானங்கள் அக்ராவில் பதிவாகும். கடனுக்குச் சரக்கு கொடுக்கும் முன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.