எண்பத்தேழரை விழுக்காட்டில் மறையும் பிழை: காசநோய்த் தடுப்பு நெறிமுறையும் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளரும்

செவிலியர் தலைமைத்துவப் பாடத்தில் மருத்துவ வழிகாட்டு நெறிமுறை ஒன்றை ‘அக்ரீ-2’ கருவியால் மதிப்பிடச் சொல்வது வழக்கமான ஒப்படைப்பு. அதை எழுதும் முறையும் ஏறத்தாழ உறைந்துவிட்டது. கருவியின் ஆறு களங்களுக்கும் விழுக்காடு கணக்கிடுவார்கள். அவற்றுள் மூன்றாவதான ‘உருவாக்கத்தின் கண்டிப்பு’ உயர்ந்த எண் பெற்றால் நெறிமுறை நம்பத்தக்கது என்று முடிப்பார்கள். நடைமுறைப் பொருத்தத்துக்கான ஐந்தாம் களம் குறைந்த எண் பெற்றால், அது உள்ளூர் நிர்வாகம் பார்த்துக்கொள்ள வேண்டிய குறையாக ஒதுக்கப்படும். இந்த வாசிப்பு மரபை இக்கட்டுரை மறுக்கிறது. ஒரே ஒரு பரிந்துரையை ஒரே ஓர் ஊரில் வைத்துப் பார்த்தாலே அது நிற்கவில்லை என்பது தெரியும்.

ஊர், கடலூர் மாவட்டத்து விருத்தாசலம். செராமிக் தொழிற்பேட்டையும் செராமிக் தொழில்நுட்பப் பயிலகமும் உள்ள ஊர். பொம்மையானாலும் மின்சாதனத்துக்கான பீங்கான் உறுப்பானாலும் கலவை பெரும்பாலும் களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகிய மூன்றுதான். குவார்ட்ஸ் தூளைக் கொட்டிக் கலக்கும்போதும், காய்ந்த பச்சைப் பொருளின் விளிம்பைச் சுரண்டித் தேய்க்கும்போதும் கண்ணுக்குப் புலப்படாத படிகச் சிலிக்கா காற்றில் எழுகிறது. அது ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் படிந்து தழும்பாவதே சிலிகோசிஸ். சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிடப் பல மடங்கு கூடுதல்.

பரிந்துரை, உலக சுகாதார நிறுவனத்தினுடையது. டி.என்.எஃப். எதிர்ப்பு மருந்து தொடங்குவோர், டயாலிசிஸில் இருப்போர், உறுப்பு மாற்றுக்குத் தயாராவோர், சிலிகோசிஸ் உள்ளோர் ஆகிய அனைவருக்கும் மறைந்திருக்கும் காசநோய்த் தொற்றை முறையாகச் சோதித்துத் தடுப்பு சிகிச்சை தர வேண்டும் என்கிறது 2018 நெறிமுறை. பரிந்துரையின் வலு ‘உறுதி’. சான்றின் தரம் ‘குறைவு முதல் மிகக் குறைவு’. 2020இன் ஒருங்கிணைந்த நெறிமுறையும் இந்தக் குழுக்களை அப்படியே ஏற்றது. இந்தியாவின் மத்திய காசநோய்ப் பிரிவு 2021இல் வெளியிட்ட தடுப்பு சிகிச்சை வழிகாட்டியிலும் சிலிகோசிஸ் இடம்பெற்றது.

அக்ரீ-2இன் பன்னிரண்டாம் வினா, பரிந்துரைக்கும் சான்றுக்கும் வெளிப்படையான தொடர்பு உண்டா என்று கேட்கிறது. இதற்கு ஆறோ ஏழோ இடுவதுதான் வழக்கம். ஆவணம் தன் சான்று பலவீனமானது என்று ஒளிக்காமல் சொல்கிறது அல்லவா? அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் தொடர்பு ‘எழுதப்பட்டிருக்கிறது’ என்பதும், அத்தொடர்பு இந்த நோயாளிக்குப் ‘பொருந்துகிறது’ என்பதும் வேறு வேறு.

சிலிகோசிஸுக்கென்றே நடந்த முக்கியமான சோதனை ஹாங்காங்கினுடையது. ஹாங்காங் மார்புநோய்ச் சேவையும் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நடத்தி, 1992இல் வெளியிட்டன. ஐசோனியசிட் தனியாக ஆறு மாதம், ரிஃபாம்பிசின் தனியாக மூன்று மாதம், இரண்டும் சேர்த்து மூன்று மாதம் என மூன்று முறைகள் போலி மருந்தோடு ஒப்பிடப்பட்டன. ஐந்தாண்டில் போலி மருந்து பெற்றோரில் 27 விழுக்காட்டினருக்குக் காசநோய் வந்தது. மருந்து பெற்ற மூன்று குழுக்களையும் சேர்த்துப் பார்த்தால் 13 விழுக்காடு. பாதியாகக் குறைந்தது உண்மை. மருந்து உண்டும் எட்டில் ஒருவருக்கு நோய் வந்ததும் உண்மை.

தூசு தொடரும் இடத்தில் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் நடந்து 2014இல் வெளியான ‘திபேலா’ ஆய்வு ஓரளவு வெளிச்சம் தருகிறது. தலையீட்டுக் குழுவில் இருந்த சுரங்கத் தொழிலாளர் அனைவருக்கும் சோதனையும் ஒன்பது மாத ஐசோனியசிட்டும் வழங்கப்பட்டன. மருந்து உண்ணும் காலத்தில் பாதுகாப்பு இருந்தது; நிறுத்தியதும் விரைவில் கரைந்தது. சுரங்க மக்கள்தொகையில் காசநோய் குறையவில்லை. சுரங்கம் வேறு, பீங்கான் பட்டறை வேறு. மறுதொற்றின் அளவும் வேறு. இருந்தாலும், இன்னும் தூசுக்குள் நிற்பவருக்கும் வேலையை விட்டு ஓய்ந்தவருக்கும் ஒரே சொற்றொடரில் ஒரே வலுவோடு பரிந்துரை எழுதுவது தகுமா என்ற கேள்வி நிற்கிறது.

மற்றொரு சிக்கல் இதைவிடக் கூர்மையானது. தடுப்பு மருந்துக்கு முன் செயலில் உள்ள காசநோய் இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். இல்லாவிட்டால் முழு நோய்க்கு ஒற்றை மருந்து கொடுத்து எதிர்ப்புத்திறனை வளர்த்துவிடுவோம். எச்.ஐ.வி. இல்லாத மற்ற அபாயக் குழுக்களுக்கு அதே நெறிமுறைத் தொகுப்பு தரும் வழி இது: காசநோய் அறிகுறி எதுவும் இல்லை, மார்பு எக்ஸ்ரேயில் மாறுபாடும் இல்லை என்றால் நோய் இல்லை எனக் கொள்ளலாம். சிலிகோசிஸ் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியும் முடிச்சுகளைக் கொண்டே கண்டறியப்படுகிறது. இருமலும் மூச்சிரைப்பும் அந்நோயிலும் வருபவை. ஆக, முதல் பரிந்துரை யாரை அழைக்கிறதோ அவரை இரண்டாவது பரிந்துரையின் எளிய சோதனை கிட்டத்தட்ட ஒருபோதும் உள்ளே விடாது. விருத்தாசலத்தில் ஒரு செவிலியர் இந்த வரிசையைப் பின்பற்றினால் தொழிலாளி ஒவ்வொருவரும் மேல்பரிசோதனைக்கே போவார். அங்கே அவரால் சளி வெளிக்கொணர முடியாமலும் போகலாம்.

இதை எந்த வினா பிடிக்கும்? பதினைந்தாம் வினா பரிந்துரை தெளிவா என்கிறது. இரண்டும் தனித்தனியே தெளிவுதான். பன்னிரண்டாம் வினா தொடர்பு உண்டா என்கிறது. இரண்டுக்கும் உண்டு. இரண்டையும் ஒரே நோயாளிமேல் வைத்துப் பார்க்கச் சொல்லும் வினா இல்லை.

குறையைப் பன்னிரண்டாம் வினாவிலேயே கடுமையாகப் பதிவு செய்தாலும் விழுக்காடு பெரிதாக அசையாது. கணக்கு எளிது. மூன்றாம் களத்தில் எட்டு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை. நான்கு மதிப்பீட்டாளர் என்றால் மிகுதி 224, குறைவு 32. மற்ற ஏழு வினாக்களுக்கும் நால்வரும் ஏழேழு இட்டு, பன்னிரண்டாவதற்கு மட்டும் நால்வரும் ஒன்று இட்டதாகக் கொள்வோம். கூட்டுத்தொகை 200. அதில் 32ஐக் கழித்தால் 168. அதை 192ஆல் வகுத்தால் 87.5 விழுக்காடு. சான்றோடு தொடர்பே இல்லை என்று நால்வரும் ஒருமனதாகச் சொன்ன ஆவணத்துக்கு ‘மிக நன்று’ என்ற எண். ஒப்படைப்பில் இந்த எண்தான் அடிக்கோடு பெறுகிறது.

கருவியை உருவாக்கியவர்கள் ஆறு களங்களின் எண்களையும் ஒரே எண்ணாகக் கூட்ட வேண்டாம் என்றே எச்சரித்திருக்கிறார்கள். ஆனால் ஒரே களத்துக்குள் நடக்கும் இந்த மறைப்பு நம் வகுப்பறைகளில் பேசப்படுவதில்லை.

சிலிகோசிஸ் உறுதியானால் மருத்துவர் பார்த்துக்கொள்வார், செவிலியருக்கு இதில் என்ன என்ற ஆட்சேபம் வரலாம். தடுப்பு மருந்து தொடங்கியபின் மாதந்தோறும் மஞ்சள் காமாலை அறிகுறி கேட்பவரும், விட்டுப்போன மாத்திரையை எண்ணுபவரும் யார் என்று பார்த்தால் அதற்கு விடை கிடைக்கும். உள்ளடக்கத்தை அளக்கத்தான் பின்னாளில் ‘அக்ரீ-ரெக்ஸ்’ வந்ததே என்பதும் சரியே. அதன் ஒன்பது வினாக்களைத் தனிப் பரிந்துரைக்கும் பயன்படுத்தலாம். ஒப்படைப்பு அதைக் கேட்கட்டும்.

அக்ரீ-2இன் இறுதி வினா, இந்நெறிமுறையைப் பயன்பாட்டுக்குப் பரிந்துரைப்பீர்களா என்பது. ஆம், மாற்றங்களோடு ஆம், இல்லை என மூன்று விடைகள். சிலிகோசிஸ் பரிந்துரைக்கு நடுவிடையே பொருந்தும். மாற்றங்களையும் எழுதியாக வேண்டும். எக்ஸ்ரே மாறுபாட்டை வைத்து ஆளை விலக்காமல், முந்தைய எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டு, தூண்டிப் பெற்ற சளியில் மூலக்கூறு சோதனை செய்து காசநோயை விலக்குவது. தொடங்குமுன் கல்லீரல் நொதிகளைப் பார்ப்பது. இன்னும் பட்டறையில் இருப்பவரைத் தனியாகக் குறித்து, மருந்து முடிந்தபின்னும் தொடர் கண்காணிப்பில் வைப்பது. அவர் வேலையிடத்தில் உலர்தேய்ப்பை ஈரத்தேய்ப்பாக மாற்றக் கோரும் கடிதத்தைச் செவிலியர் கண்காணிப்பாளர் வழியே தொழிற்சாலை ஆய்வாளருக்கு அனுப்புவது.